அயோடினா, மெத்திலீன் புளூவா? வெங்காயச் சவ்வுப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் வெங்காயச் சவ்வை நுண்ணோக்கியில் பார்க்காத மாணவர் குறைவு. இப்போது பெரும்பாலும் கண்வில்லையில் கைப்பேசியைப் பொருத்திப் படமெடுத்துவிடுகிறார்கள். ஒரே வகுப்பில் நாற்பது படங்கள் சேரும்போது எது நல்ல படம் என்பதில்தான் குழப்பம். பளிச்சென்று நிறம் தெரியும் படத்துக்கே முதல் மதிப்பெண் போகும். ஆனால் அதில் அளக்கவோ வரையவோ ஒன்றும் இருக்காது. இரண்டு சாயங்களையும் பல பருவங்களாகப் பயன்படுத்திப் பார்த்ததில் ஒப்பீட்டுக்கு உதவும் ஒரு வழி பிடிபட்டது. அதைத்தான் இங்கே பகிர்கிறோம்.

முதலில் ஸ்லைடு. தேக்கா சந்தையில் கிடைக்கும் எந்த வெங்காயமும் போதும். சிவப்பு வெங்காயமானால் இதழின் உட்பக்கச் சவ்வை உரியுங்கள். வெளிப்பக்கத்துச் செல்களில் இருக்கும் இயற்கை நிறமி சாயத்தோடு கலந்து கணக்கைக் கெடுக்கும். அயோடின் கரைசல் என்றால் ஒரு சொட்டு, 2 நிமிடம். மெத்திலீன் புளூ என்றால் 0.1 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு சொட்டு, அதே 2 நிமிடம். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ வைத்து உறிஞ்சவேண்டும். கழுவும் இந்த வேலையை விட்டுவிட்டால் நீலச் சாயம் பின்னணி முழுவதும் தங்கிவிடும்.

படமெடுக்கும்போது 40 மடங்கு அப்ஜெக்டிவில் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அதன் கூர்மையான பகுதியின் ஆழம் சுமார் 1 மைக்ரான்தான். வெங்காயச் செல்லோ பல பத்து மைக்ரான் தடிமன். ஆகவே எல்லா உட்கருக்களும் ஒரே படத்தில் தெளிவாக விழ வழியே இல்லை. மேல் சுவரிலோ கீழ்ச் சுவரிலோ ஒட்டியிருக்கும் உட்கரு வட்டமாகத் தெரியும். பக்கச் சுவரில் ஒட்டியிருப்பது தட்டையாக, மசூர் பருப்பின் விளிம்பைப் பார்ப்பதுபோல் தெரியும். ஒப்பிடும் படங்கள் எல்லாவற்றிலும் வட்ட உட்கரு ஒன்றையே தேர்ந்தெடுத்து, அதன் விளிம்புக்கே ஃபோகஸ் வைக்கவேண்டும். ஐஃபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` வரும். அதைப் போடாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கைப்பேசி வெளிச்சத்தை மாற்றிவிடும். பிறகு சாயத்தை ஒப்பிட்டுப் பயனில்லை.

ஒப்பீட்டுக்கு ImageJ என்ற இலவச மென்பொருள் போதும். வண்ணப் படத்தை அப்படியே அளக்கவேண்டாம். `Image > Color > Split Channels` கொடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல் படங்களாகப் பிரியும். மெத்திலீன் புளூ சிவப்பு ஒளியை விழுங்கும் சாயம். அதன் உட்கரு சிவப்புப் படத்தில்தான் கறுப்பாகத் தெரியும். அயோடின் மஞ்சள் பழுப்பு. அது நீல ஒளியை விழுங்குவதால் நீலப் படத்தைப் பார்க்கவேண்டும். கண்ணுக்கு வெளிறித் தெரிந்த அயோடின் படம் நீலப் படத்தில் நன்றாக எழுந்து வருவதைப் பார்த்தால், "அயோடின் சரியில்லை" என்று பல படங்களை ஒதுக்கியது அவசரம் என்று புரியும்.

பிறகு, உட்கருவின் குறுக்காக ஒரு கோடு இழுத்து `Analyze > Plot Profile` கொடுங்கள். செல்லின் உள்பகுதியிலிருந்து உட்கருவுக்குள் போகும் இடத்தில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைகோடு சரியும், மறுபுறம் ஏறும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது சாயத்தைச் சொல்லும். சரிவு எவ்வளவு செங்குத்து என்பது ஃபோகஸைச் சொல்லும். இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகப் பார்க்க முடிவதே இந்த முறையின் பலம்.

ஓர் எடுத்துக்காட்டு. அளவுகோல் ஸ்லைடின் 10 மைக்ரான் பிரிவு படத்தில் 66 பிக்சல் வந்தால், ஒரு பிக்சல் சுமார் 0.15 மைக்ரான். ஒரு படத்தில் சரிவு 8 பிக்சலுக்குள் முடிகிறது, அதாவது 1.2 மைக்ரான். 0.65 துளை எண் உள்ள 40 மடங்கு லென்ஸின் பிரிதிறன் சுமார் அரை மைக்ரான். உட்கருவின் விளிம்பு வளைவானது என்பதால் 1.2 மைக்ரான் நல்ல அளவே. இன்னொரு படத்தில் சரிவு 26 பிக்சல், கிட்டத்தட்ட 4 மைக்ரான். அது ஃபோகஸ் தவறிய படம்; சாயத்தை எவ்வளவு கூட்டினாலும் தேறாது.

சாயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சரியாகக் கழுவிய படத்தில் வரைகோடு காட்டும் வெளிச்ச அளவு பின்னணியில் 200, உட்கருவில் 130 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 70, பின்னணியில் 35 விழுக்காடு. 1 விழுக்காட்டுக் கரைசலை ஊற்றிக் கழுவாமல் எடுத்த படத்தில் பின்னணி 120, உட்கரு 60 என்றால் 50 விழுக்காடு. எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது. ஆனால் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். முதல் படத்தில் அடியில் ஓரிரு சிறு குழிகள் தெரியும். அவை உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ். இரண்டாவதில் அடி தட்டையாக, ஒரே கறுப்பாக இருக்கும். மாணவர் வரையக்கூடிய விவரம் முதல் படத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே மெத்திலீன் புளூவை 0.1 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அவசர வகுப்பில் கழுவ நேரமில்லையென்றால் அயோடினே பாதுகாப்பு. அது கூடினாலும் உட்கருவை அவ்வளவு எளிதில் மூடுவதில்லை. ஆனால் அயோடினைப் பழுப்புப் புட்டியில், வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும். கரைசலின் நிறம் வெளிறிவிட்டால் புதிதாகக் கலக்கவேண்டியதுதான்.

சரிவின் இருபுறமும் வரைகோடு பின்னணியைத் தாண்டி மேலே துள்ளினால் கவனியுங்கள். படத்தில் அது உட்கருவைச் சுற்றி ஒரு வெள்ளை வளையமாகத் தெரியும். காரணம் இரண்டில் ஒன்று: கைப்பேசி தானாகவே கூர்மை கூட்டியிருக்கும், அல்லது ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் ஐரிஸை அதிகம் மூடியிருப்பார்கள். நுண் ஃபோகஸ் திருகைச் சற்றே திருப்பி மீண்டும் எடுத்துப் பாருங்கள். வளையம் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்தால் ஐரிஸ். இடம் மாறாமல் விளிம்பிலேயே ஒட்டி நின்றால் கைப்பேசி. கண்வில்லையை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்த்து, வெளிச்ச வட்டத்தின் முக்கால் பங்கு தெரியும்படி ஐரிஸைத் திறந்து வைப்பது சரியான நிலை.

10 மடங்கில் தெளிவாகவும் 40 மடங்கில் மட்டும் பால் கலந்ததுபோல் மங்கலாகவும் இருந்தால் முதலில் கவர் ஸ்லிப்பைச் சந்தேகப்படுங்கள். இந்த லென்ஸ்கள் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு வடிவமைக்கப்பட்டவை. இரண்டு கவர் ஸ்லிப் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதும், அடியில் தண்ணீர் தடிமனாக நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. ஸ்லைடு தலைகீழாக இருந்தால் 40 மடங்கில் ஃபோகஸே கிடைக்காது.

ஸ்லைடு சரியாக இருந்தும் மங்கல் போகவில்லையென்றால், ஸ்லைடை நகர்த்துங்கள், கண்வில்லையைச் சுழற்றுங்கள். இரண்டுக்கும் மங்கல் அசையவில்லை என்றால் அப்ஜெக்டிவின் முன்கண்ணாடியில் காய்ந்த சாயமோ விரல் எண்ணெயோ இருக்கலாம். லென்ஸ் தாளால் துடைத்தும் போகாமல், உள்ளே கிளை கிளையாக இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில், குளிர்சாதனம் இரவில் அணைக்கப்படும் ஆய்வக அலமாரிகளில் இது சகஜம். ஈரம் நீக்கும் பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைத்தால் வராது. வந்த பிறகு அந்த லென்ஸில் எடுத்த படங்களை மற்ற நுண்ணோக்கிப் படங்களோடு ஒப்பிடக் கூடாது. பள்ளத்தின் ஆழம் குறைவாகத்தான் வரும், அதற்குச் சாயம் பொறுப்பல்ல.