காணொளியிலிருந்து படம் பிரித்துத் தேடுதல்: நான்கு மாரிகளின் அனுபவம்

கிளிநொச்சியில் மாரி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுவதற்கு முன்பே அணை உடைந்துவிட்டது என்ற காணொளி வட்ஸ்அப்பில் வந்துவிடும். அவை உண்மையில் எங்கு எடுக்கப்பட்டவை என்று, காணொளியிலிருந்து நிலைப்படங்களைப் பிரித்தெடுத்துத் தேடிப் பார்ப்பதை நான்கு மாரிகளாகச் செய்து வருகிறேன்.

தொடக்கத்தில் நானும் கைத்தொலைபேசியில் காணொளியை நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்து, அதையே கூகிள் லென்ஸில் இட்டேன். கிடைத்தவை எல்லாம் பொதுவான வெள்ளப் படங்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. படத்தேடல் தளங்கள் பெரும்பாலும் காணொளியின் ஒவ்வொரு கணத்தையும் சேமித்து வைத்திருப்பதில்லை. யூடியூப்பில் காணொளிக்கு முகப்பாக நிற்கும் சிறுபடத்தையும் செய்தித் தளங்களில் வெளியான நிலைப்படங்களையுமே அவை அறியும். ஆகவே நாம் தேடும் படம் அந்த முகப்புப் படத்துக்கு நெருக்கமாக இருந்தால்தான் பொருத்தம் கிடைக்கும். எந்தக் கணம் முகப்பாயிற்று என்று நமக்குத் தெரியாததால், ஒரு படத்தை நம்பாமல் பலவற்றை எடுக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாரியில் வந்த 19 வினாடிக் காணொளி ஒன்றைச் சொல்கிறேன். செந்நிற வெள்ளம் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி மேலெழும்புகிறது; கீழே "கனகராயன் ஆற்றுப் பாலம் போய்விட்டது" என்று தடித்த எழுத்து. முரசுமோட்டையிலிருந்து ஓர் அக்கா அழைத்து, "தம்பி, சாமானை மேலே ஏத்திறதா, விடுறதா?" என்று கேட்டார்.

முதலில் முதன்மைச் சட்டகங்களை மட்டும் பிரித்தேன். காணொளியைச் சுருக்கும்போது முழுப் படமாகச் சேமிக்கப்படுபவை அவை. இடையிலுள்ளவை பெரும்பாலும் மாற்றங்களாக மட்டுமே பதிவாகின்றன. 19 வினாடிக்கு மூன்று தான் தேறின, மூன்றிலும் நீர்த்திவலையே நிறைந்திருந்தது. அதனால் ffmpeg என்ற கருவியால் அரை வினாடிக்கு ஒரு படம் என்று எடுத்து, எழுத்து இருந்த கீழ் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி, இடவலமாகவும் திருப்பினேன்:

```
ffmpeg -i clip.mp4 -vf "fps=2,crop=iw:ih*0.8:0:0,hflip" k%03d.png
```

திருப்பியதற்குக் காரணம், ஓரத்தில் இரண்டு வினாடி தெரிந்த ஒரு கடைப்பலகை. அதன் எழுத்து தமிழுமில்லை, சிங்களமுமில்லை. ஆனாலும் வளைவுகள் பழகியவை போலத் தோன்றின. திருப்பியதும் அவை மலையாளமாயின. பழைய காணொளியைப் பரப்புகிறவர்கள் தேடலுக்குத் தப்பவே இப்படிக் கண்ணாடிப் பிம்பமாக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். படத்தில் எழுத்தே இல்லையென்றால் இரண்டு விதமாகவும் தேடிவிடுவது நல்லது.

வந்த 38 படங்களில் கமெரா அசையாமல், பாலமும் பின்னால் கட்டடங்களும் சேர்ந்து தெரிந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன். வெள்ளம் மட்டும் தெரியும் படத்தைத் தேடினால் உலகிலுள்ள வெள்ளமெல்லாம் வரும். கூகிள் லென்ஸ் அப்போதும் ஒத்த காட்சிகளையே காட்டியது. யாண்டெக்ஸ் மூன்றாவது படத்துக்கு ஒரு யூடியூப் முகப்பைக் கொடுத்தது. அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள செறுதோணிப் பாலம். 2018 ஓகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் கதவுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டு, அடுத்த நாள் ஐந்தும் திறந்திருந்தபோது அந்தப் பாலத்தின் மேல் நீர் பாய்ந்த காட்சிகள் அப்போதே பரவலாக வெளியாகியிருந்தன.

முகப்பு ஒத்துப்போனதுடன் நான் நிறுத்துவதில்லை. அந்தக் காணொளியை ஓடவிட்டு, ஒரு முறிந்த கிளை கைப்பிடிச் சுவரில் சிக்கித் திரும்பும் கணத்தை இரண்டிலும் நிறுத்திப் பக்கத்தில் வைத்தேன். கிளையும் திவலையும் ஒன்றாக இருந்தன. ஒரே இடத்தில் வேறு நாளில் எடுத்த காட்சியாக இருந்திருந்தால் பாலம் மட்டுமே ஒத்திருக்கும். அக்காவிடம், பாலம் எங்களுடையது அல்ல, ஆனால் இரணைமடு பற்றி நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள் என்றேன். காட்சி பொய்யென்பதால் வெள்ளம் வராது என்றாகிவிடாது. 2018 டிசம்பரில் நாங்கள் பட்டிருக்கிறோம்.

திகதி விடயத்தில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். டின்ஐ என்ற படத்தேடல் தளத்தில் பழையது முதலில் வருமாறு வரிசைப்படுத்தலாம். மிகப் பயனுள்ள வசதி. ஆனால் அது காட்டும் திகதி, அத்தளம் அந்தப் படத்தை முதன்முதலில் கண்ட நாள். படம் எடுக்கப்பட்ட நாள் அல்ல. அந்த நாளில் படம் இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

ஒன்றும் கிடைக்காதபோது காணொளி புதியது என்று முடிவு செய்வதும் அதே தவறுதான். வட்ஸ்அப்பிலும் மூடிய முகநூல் குழுக்களிலும் மட்டும் சுற்றுபவை இத்தளங்களுக்குத் தெரியாது. முல்லைத்தீவுக் கரையில் கவிழ்ந்த படகு ஒன்றின் காணொளியை இரண்டு மணி நேரம் தேடியும் எதுவும் வரவில்லை. கடைசியில் அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அழைத்தேன். அன்று காலை எடுத்ததுதான் என்றார்கள், எடுத்த பையன் அருகிலேயே நின்றான்.