ஒரு சிட்டை, இரண்டு ஏடுகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக இருக்கும் ஒரு விவசாயப் பொருட்கள் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். காலபோகம் தொடங்கியதும் அங்கே கடன் விற்பனை கூடிவிடும். அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் காசு வரும். இந்தக் கடைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளேட்டில் எழுதுவது நல்லதா, விற்பனை நாளேடு, கொள்வனவு நாளேடு, பொதுநாளேடு என்று பிரித்து எழுதுவது நல்லதா?

நவம்பர் முதல் வாரத்தில் நான்கு பேருக்குக் கடனுக்கு விற்றோம் என்று வையுங்கள்: 18,500, 42,000, 9,750, 27,250 ரூபாய். ஒரே நாளேட்டு முறையில் ஒவ்வொரு தடவையும் வாங்கியவரின் கணக்கை வரவு வைத்து, விற்பனைக் கணக்கைச் செலவு வைத்து, கீழே ஒரு விளக்கமும் எழுத வேண்டும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: அங்கே பற்று என்பதை இங்கே வரவு என்கிறோம், அங்கே வரவு என்பது இங்கே செலவு. குழப்பம்தான்.) பிறகு பேரேட்டுக்கு எட்டுப் பதிவுகள் போகும்.

விற்பனை நாளேட்டில் திகதி, பெயர், சிட்டை இலக்கம், தொகை என்று ஆளுக்கு ஒரு வரி போதும். நால்வரின் கணக்கிலும் அவரவர் தொகையை வரவு வைத்துவிட்டு, மொத்தம் 97,500 ரூபாயை விற்பனைக் கணக்கில் ஒரே முறை செலவு வைக்கிறோம். எட்டு இருந்த இடத்தில் ஐந்து. நூறு விற்பனை நடந்தால் இருநூறுக்குப் பதில் நூற்றொன்று. விளக்கமும் தேவையில்லை, ஏனென்றால் இந்த ஏட்டில் இருப்பதெல்லாம் வியாபாரச் சரக்கின் கடன் விற்பனை மட்டுமே. பதிவின் ஒரு பாதியை ஏட்டின் பெயரே சொல்லிவிடுகிறது. காசுக்கு விற்றது காசேட்டுக்குப் போகும். அதை இங்கேயும் எழுதினால் விற்பனை இரட்டிப்பாகிவிடும்.

கொள்வனவு நாளேடு இதன் மறுபக்கம்: மொத்தம் கொள்வனவுக் கணக்கில் வரவாகும், தனித்தனித் தொகைகள் மொத்த வியாபாரிகளின் கணக்குகளில் செலவாகும். வியாபாரக் கழிவு போக மிஞ்சிய தொகைதான் பேரேட்டுக்குப் போகும்.

பொதுநாளேட்டுக்கு அப்படி நிலையான பாதி கிடையாது. மற்ற ஏடுகளில் இடமில்லாதவை எல்லாம் அங்கேதான் வரும். ஆகவே இரண்டு பக்கமும் விளக்கமும் ஒவ்வொரு பதிவுக்கும் வேண்டும். எழுதச் சோம்பல் வருகிற ஏடு இதுதான், தவறு நடப்பதும் அதனால்தான்.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன். வவுனியா மொத்த வியாபாரியிடமிருந்து கடனுக்கு மூன்று நீர்ப்பம்பிகள் வந்தன. ஒன்று 60,000 ரூபாய், சிட்டையில் மொத்தம் 180,000. இரண்டு விற்பனைக்கு, மூன்றாவது கடைக்குப் பின்னாலிருக்கும் பழக்கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்க. நான் சிட்டையைப் பார்த்து முழுத்தொகையையும் கொள்வனவு நாளேட்டில் எழுதிவிட்டேன். எல்லாக் கணக்குகளின் வரவு, செலவு மீதிகளையும் ஒப்பிடும் பரீட்சை மீதி அழகாகச் சமப்பட்டது. வரவும் செலவும் சமமாகத்தானே விழுந்தன! ஆனால் இறுதி இருப்பை எண்ணியபோது அந்தப் பம்பி அலுமாரியில் இல்லை, விற்பனைச் சிட்டையிலும் இல்லை. மொத்த இலாபம் 60,000 ரூபாய் குறைந்து நின்றது. அந்தப் பம்பிக்குப் பெறுமானத் தேய்வும் கணிக்கப்படவில்லை. சொத்தாக எழுத வேண்டியதை வியாபாரச் சரக்காக எழுதும் இந்தத் தவறைத்தான் கோட்பாட்டு வழு என்கிறோம்.

சரியான வழி, ஒரே சிட்டையை இரண்டாகப் பிரிப்பது. 120,000 கொள்வனவு நாளேட்டுக்கு, 60,000 பொதுநாளேட்டுக்கு. எழுதிய பிறகு கண்டுபிடித்ததால் நான் பொதுநாளேட்டில் இப்படித் திருத்தினேன்:

உபகரணக் கணக்கு, வரவு 60,000
கொள்வனவுக் கணக்கு, செலவு 60,000
(கடைப் பாவனைக்கு வாங்கிய பம்பி கொள்வனவில் சேர்ந்ததைத் திருத்தியது)

பிரித்து எழுதுவதற்கும் ஒரு விலை உண்டு: கூட்டல். 97,500 என்பதை 96,500 என்று கூட்டிவிட்டால், விற்பனைக் கணக்கிலும், தனித்தனிக் கடன்பட்டோர் கணக்குகளுக்குப் பதிலாக அவற்றின் மொத்தத்தைப் பரீட்சை மீதிக்குக் கொண்டுபோகும் கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கிலும் ஒரே பிழைத்தொகை ஏறும். பரீட்சை மீதி வாய் திறக்காது. ஒரே நாளேட்டில் கூட்டுத்தொகை பேரேட்டுக்குப் போவதில்லை என்பதால் அங்கே இந்தப் பிழைக்கே இடமில்லை. ஆனால் பிடிக்கும் வழியும் பிரிப்பிலேயே இருக்கிறது: தனித்தனிக் கடன்பட்டோர் மீதிகளைப் பட்டியலிட்டுக் கூட்டினால், கட்டுப்பாட்டுக் கணக்கை விட ஆயிரம் கூடுதலாக வரும். அந்த ஒப்பீட்டை நான் மாதமுடிவில் தவறவிடுவதில்லை.

மாதத்தில் மூன்று தடவை மட்டும் கடனுக்குச் சரக்கு எடுக்கும் சிறு கடைக்குக் கொள்வனவு நாளேடு வேண்டாம் என்பேன்; அதைப் பொதுநாளேட்டில் எழுதினாலே போதும். விற்பனை நாளேட்டை மட்டும், போகத்துக்குப் போகம் கடன் கொடுக்கும் வன்னிக் கடைக்காரர் எவரும் தவிர்க்க முடியாது.