40 எம்.எம். ராடை 30-க்கு இறக்க எத்தனை கட்? மூன்று வழிகள், ஒரே ஷாஃப்ட்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்கு ஒரு ஷாஃப்ட் உடைந்துவிட்டது என்று ஒருவர் வருகிறார். அதே நாளில் பம்பு கம்பெனியிலிருந்து அதே அளவில் 300 ஷாஃப்டுக்கு ஆர்டர் வருகிறது. கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ இருக்கிற கடைசல் பட்டறைக்கு இது சாதாரண விஷயம். இரண்டுக்கும் ராடு ஒன்று, அளவு ஒன்று. ஆனால் எத்தனை கட் ஓட்டுவது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆழம் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 40 எம்.எம். இ.என்.8 கருப்பு ராடு, 200 எம்.எம். நீளத்துக்கு 30 எம்.எம். ஆக வேண்டும். டிராயிங்கில் சின்ன எழுத்தில் ஹெச்7 என்று போட்டிருக்கிறது. அதாவது 30.000-க்கு மேலே போகக் கூடாது, 29.979-க்குக் கீழேயும் போகக் கூடாது. மொத்தம் 21 மைக்ரான்தான் இடம். ஒரு முனை சக்கில், மறுமுனை ரிவால்விங் சென்டரில். கார்பைடு டிப், 600 ஆர்.பி.எம்., ரஃப் ஃபீடு சுற்றுக்கு 0.2 எம்.எம். ஃபினிஷிங்குக்கு 800 ஆர்.பி.எம்., ஃபீடு 0.1. இங்கே ஆழம் என்று நான் சொல்வதெல்லாம் ஒரு பக்கத்துக்கு. விட்டத்தில் அது இரண்டு மடங்கு இறங்கும். மொத்தம் எடுக்க வேண்டியது ஒரு பக்கம் 5 எம்.எம்.

நம்ம பட்டறைகளில் இதற்கு மூன்று பழக்கங்களைப் பார்க்கலாம். முதல் வழி, அரை எம்.எம். வீதம் பத்துக் கட், கடைசிக் கட் மட்டும் ஃபினிஷிங் ஃபீடில். இரண்டாவது, 2.4 வீதம் இரண்டு ரஃப், அப்புறம் 0.2-ல் ஒரே ஃபினிஷிங். மூன்றாவது, 2.25 வீதம் இரண்டு ரஃப் எடுத்து 31-க்குக் கொண்டுவந்து, மீதியை 0.25 வீதம் சரிசமமாக இரண்டு கட். வெட்டும் நேரம் மட்டும் பார்த்தால் முதல் வழி பதினேழரை நிமிடம், இரண்டாவது ஆறு நிமிடத்துக்குள், மூன்றாவது எட்டு நிமிடம் சொச்சம்.

பத்துக் கட் வழியைப் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் நிறைய. லேசாக எடுத்தால் ஷாஃப்ட் வளையாது, டிப் உடையாது என்பது வாதம். பாதிதான் உண்மை. ரஃப் டிப்பின் மூக்கு ஆரம் பெரும்பாலும் 0.8 எம்.எம். இருக்கும். 0.5 ஆழத்தில் வெட்டும்போது மூக்கின் வளைவு மட்டும்தான் உலோகத்தைத் தொடுகிறது, நேர் விளிம்புக்கு வேலையே இல்லை. வளைவு வெட்டும்போது விசையில் பெரும் பங்கு ஷாஃப்டைக் குறுக்கே தள்ளுவதற்குப் போகிறது. ஆக, எடுக்கிற உலோகத்தோடு ஒப்பிட்டால் லேசான கட்தான் அதிகம் தள்ளுகிறது. இன்னொரு தொந்தரவு, டிப்பில் உள்ள சுருள் உடைக்கும் பள்ளத்துக்கு அந்த மெல்லிய சுருள் எட்டுவதே இல்லை. உடையாமல் நீள நீளமாக வந்து சக்கில் சுற்றிக்கொள்ளும். அதைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு நிற்கும் நேரத்தை மேலே சொன்ன பதினேழரை நிமிடத்தில் நான் சேர்க்கவில்லை.

கருப்பு ராடு என்பதால் முதல் கட்டுக்குத் தனியாக ஒரு விதி உண்டு. மேலே இருக்கிற கருப்பு ஸ்கேல் அடியில் உள்ள இரும்பைவிடக் கடினம், ராடும் முழு வட்டமாக இருக்காது. அரை எம்.எம். வைத்தால் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் ஸ்கேலில் உரசும். டிப்பின் மூக்கு அங்கேயே மழுங்கிவிடும். முதல் கட் எப்போதும் ஸ்கேலுக்கு நன்றாக அடியில் போக வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு ஆழம் போகலாம்? இதைத் தீர்மானிப்பது தைரியம் அல்ல, மோட்டார். இ.என்.8-க்கு ஒரு சதுர எம்.எம். குறுக்குவெட்டை வெட்ட ஏறக்குறைய 2400 நியூட்டன் விசை வேண்டும். 2.4 ஆழம், 0.2 ஃபீடு என்றால் 0.48 சதுர எம்.எம்., சுமார் 1150 நியூட்டன். 40 விட்டத்தில் 600 ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு 75 மீட்டர் வேகம். இரண்டையும் பெருக்கினால் 1.45 கிலோவாட் வருகிறது. பெல்ட், கியர் இழப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு விட்டால் மோட்டார் 1.8 கிலோவாட் கொடுக்க வேண்டும். 3 ஹெச்.பி. மோட்டார் 2.2 கிலோவாட், தாராளமாக இழுக்கும். 2 ஹெச்.பி. என்றால் 1.5 தான். பெல்ட் வழுக்கும், சத்தம் இறங்கும், சக் மெதுவாவது கண்ணுக்கே தெரியும். அந்த லேத்தில் 1.5 எம்.எம். வீதம் மூன்று ரஃப் ஓட்டினால் மோட்டாருக்கு 1.1 கிலோவாட்தான் சுமை, 40 நேராக 37, 34, 31 என்று இறங்கிவிடும். கூடுதலாகப் போவது ஒன்றரை நிமிடம் சொச்சம். அதற்காக ஆழத்தை அரை எம்.எம்.முக்குக் குறைக்கத் தேவையில்லை.

ரஃப் வரைக்கும் இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சண்டை கடைசி அரை எம்.எம்.மில்தான்.

இரண்டாவது வழிக்காரர் டயலை 30.40-க்கு வைத்து ரஃப் ஓட்டுகிறார். மைக்ரோமீட்டரில் 30.46 வருகிறது. இது டயலின் தப்பு இல்லை. அவ்வளவு ஆழத்தில் வெட்டும்போது டூல் போஸ்ட், ஸ்லைடு, ஷாஃப்ட் எல்லாமே கொஞ்சம் விலகிக்கொடுத்திருக்கின்றன, அதனால் விட்டத்தில் 0.06 கூட நின்றிருக்கிறது. அவர் குறி வைப்பது நடு அளவான 29.990. எனவே 0.47 இறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு டயலை அந்த அளவு தள்ளுகிறார். கணக்கு சரி, ஷாஃப்ட் தப்பு. ஃபினிஷிங் கட்டில் விசை குறைவு, ஆகவே விலகலும் குறைவு, 0.06-க்குப் பதில் 0.015 என்று வைத்துக்கொள்ளுங்கள். டயல் நிற்பது 29.93-ல், விலகல் சேர்த்து ஷாஃப்ட் வருவது 29.945. கீழ் எல்லைக்கும் 34 மைக்ரான் கீழே. எடுத்த உலோகத்தை ஒட்ட முடியாது.

இதே இடத்தில் மூன்றாவது வழி என்ன செய்கிறது பாருங்கள். 31-லிருந்து டயலை 30.49-க்கு வைத்து முதல் 0.25 கட். அளந்தால் 30.505. விலகல் 0.015 என்று தெரிந்துவிட்டது. 29.990-க்கு இன்னும் 0.515 இருக்கிறது, டயலை அதே 0.515 தள்ளுகிறோம். அடுத்த கட்டும் ஏறக்குறைய அதே ஆழம். அதே டிப், அதே ஃபீடு, அதே ஆர்.பி.எம். ஆகவே விலகலும் அதே 0.015. டயல் 29.975-ல், ஷாஃப்ட் 29.990-ல். விலகல் எவ்வளவு என்பது முக்கியமில்லை, இரண்டு கட்டிலும் ஒன்றாக இருந்தால் போதும். முதல் கட் ஒரு ஒத்திகை, அதற்கான கூலி இரண்டரை நிமிடம். இதில் ஃபீடை மட்டும் மாற்றினாலும் ஒத்திகை வீண். "ஏனுங்ண்ணா, முதல் கட்தானுங்களே, ஃபீடைக் கூட்டி ஓட்டிரட்டுங்களா?" என்று புதிதாக வந்த தம்பிகள் கேட்பார்கள். கூட்டினால் விசை கூடும், விலகல் கூடும், மறுபடி இரண்டாவது வழியின் கதைதான்.

அந்த நடு கட்டில் இன்னொன்றும் கிடைக்கிறது. சக் பக்கம், நடு, சென்டர் பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்தால் டேப்பர் தெரியும். டெயில் ஸ்டாக் 10 மைக்ரான் தள்ளி நின்றால்கூட 21 மைக்ரான் வேலையில் அது பெரிது. ஃபினிஷிங்குக்கு அப்புறம் தெரிந்தால் பயனில்லை.

அளக்கும் முன் ஷாஃப்ட் ஆற வேண்டும். ரஃப் முடித்த சூட்டில் ஷாஃப்ட் பட்டறை வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் 30 விட்டம் 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். நமக்கு இருக்கிற 21 மைக்ரான் இடத்தில் பாதி அது. கூலண்ட் நன்றாக ஓடவிட்டு, கைக்குச் சில்லென்று இருக்கும்போது அளந்தால் சரி.

முதல் வழிக்காரருக்கும் கடைசியில் ஒரு பழக்கம் உண்டு. அளவுக்கு அருகில் வந்ததும் பயந்துகொண்டு 0.02, 0.02 என்று தடவுவார். கார்பைடு டிப்பின் விளிம்பு கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தாலும், உடையாமல் இருக்க அதை லேசாக மழுக்கித்தான் விடுகிறார்கள். அதைவிடச் சின்ன ஆழம் கொடுத்தால் டிப் வெட்டாது, தேய்க்கும். சுருளே வராது, வெறும் தூசி வரும். மேற்பரப்பு ஒரு இடம் பளபளப்பு, ஒரு இடம் மங்கல். அளந்தால் அளவு மாறியிருக்காது. மறுபடி 0.02 தள்ளுவார், மறுபடி மாறாது. மூன்றாவது தடவை சேர்த்துவைத்ததையெல்லாம் டிப் ஒரேயடியாகக் கடிக்கும். எமரி பேப்பர் கைக்கு வருவது இதற்கு அப்புறம்தான். பளபளப்பு வரும், ஆனால் நேராக இருந்த ஷாஃப்ட் அங்கங்கே குழிந்துவிடும்.

ஃபினிஷிங் டிப் 0.4 ஆரம், ஃபீடு 0.1 என்றால் வரிகளின் உயரம் கணக்குப்படி 3 மைக்ரான் சொச்சம். புல்லி மாட்டும் இடத்துக்கு அது போதும்.

இவ்வளவு சொன்னபின் இரண்டாவது வழியை ஒதுக்கிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பம்பு கம்பெனியின் 300 ஷாஃப்டை சி.என்.சி.யில் ஓட்டுவதாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அங்கே ரஃப் டூல் தனி, ஃபினிஷிங் டூல் தனி. ரஃப் டூலின் விலகல் ஃபினிஷிங் டூலின் அளவுக்குள் நேராக வராது. ஃபினிஷிங் டூலின் விலகல் எல்லா ஷாஃப்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் ஷாஃப்டுக்கு ஆஃப்செட்டை 0.1 கூட வைத்து ஓட்டி, அளந்து, திருத்திவிட்டால் ஒத்திகை அங்கேயே முடிந்தது. 300-க்கும் நடு கட் வைத்தால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம், சும்மா போகும். ஒரு நிபந்தனை, ரஃப் டிப் தேயத் தேய மீதி நிற்கும் உலோகம் கூடும், ஃபினிஷிங் ஆழமும் அதோடு மாறும். அதனால் ரஃப் டிப்பை மாற்றியதும் அடுத்த ஷாஃப்டைக் கட்டாயம் அளக்க வேண்டும்.

பத்துக் கட் வழிக்கு மிச்சம் இருப்பது ஒல்லியான, நீளமான வேலை. 20 விட்டத்தில் அரை மீட்டர் ஷாஃப்ட் என்றால் 2 எம்.எம். ஆழத்தை அது தாங்காது, நடுவில் வயிறு தள்ளிப் பீப்பாய் மாதிரி வரும். அங்கே ஆழத்தைக் குறைப்பதோடு ரஃப் டிப்பையும் 0.4 ஆரத்துக்கு மாற்ற வேண்டும், டிராவலிங் ஸ்டெடியும் கட்ட வேண்டும். அதிலும் கடைசி இரண்டு கட் சமமாகத்தான் இருக்க வேண்டும். சோமனூர்க்காரரின் ஒற்றை ஷாஃப்டுக்கு, 2 ஹெச்.பி. லேத்தில், என் கணக்கு மூன்று ரஃப், அப்புறம் சமமாக இரண்டு, ஆக மொத்தம் ஐந்து கட், வெட்டும் நேரம் பத்து நிமிடம்.