இரண்டு வருடம் காலர் மைக்கோடு கதை சொன்ன பிறகு

நான் வைத்திருக்கும் காலர் மைக்கின் விலை இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை பதிவு செய்யத் தொடங்கியிருக்கும் தோழி, "வாங்கலாமா அக்கா?" என்று கேட்டாள். பேட்டரி, ரேஞ்ச் எல்லாம் அவளே படித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாத ஒன்று மூச்சு.

காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நெஞ்சில் மாட்டுகிறோம். மூக்கு வழியே விடும் மூச்சு நேராகக் கீழேதான் இறங்கும், அதாவது மைக்கின் தலையில். முதல் மாதப் பதிவுகளை இன்று கேட்டாலும் எரிச்சலாக இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். கிளிப்பில் மைக்கைத் தலைகீழாகத் திருப்பி, அதன் வாய் தரையைப் பார்க்கும்படி மாட்டியதும் பாதி குறைந்தது. எல்லாப் பக்கமும் கேட்கும் வகை மைக் என்பதால் குரலில் பெரிய இழப்பு இல்லை. மீதிப் பாதி என் எழுத்தில் இருந்தது.

ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தேன்: "அப்பாவோடு வயலுக்குப் போய், வரப்பில் நடந்து, பம்புசெட்டுத் தொட்டியில் குதித்து, ஈரத் துணியோடு வீட்டுக்கு ஓடி வந்த பையனைப் பார்த்து, வாசலில் நின்ற பாட்டி கத்தினாள்: பாம்பு!"

தாளில் நன்றாக ஓடும் வாக்கியம். வாசித்தால் "குதித்து" வரும்போதே நெஞ்சு காலி. "கத்தினாள்" என்று முடித்து, கத்துவதற்காக ஒரு பெரிய மூச்சை வாயால் இழுத்தேன். அந்த இழுப்பு மைக்கில் காற்றடிப்பதுபோல் பதிந்தது. அடுத்து வந்த "பாம்பு" உடைந்துபோயிருந்தது. உதடு மூடித் திறக்கும் ப, நிறைந்த மூச்சோடு வெளியே வந்தால் காற்றுக் குத்து தனியே விழும். அதன் மேல் கத்தல். திரையில் ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. அப்படி வெட்டுப்பட்டதை எடிட்டிங்கில் முழுசாக மீட்க முடியாது.

இதில் கருவியின் குற்றமும் உண்டு. ஆட்டோ கெயின் என்ற வசதியை ஆன் செய்தே தருகிறார்கள். நான் நிறுத்தினால், குரல் சின்னதாகிவிட்டது என்று நினைத்து அது அளவைக் கூட்டும். நிறுத்தும் இடத்தில்தான் மூச்சு வாங்குவேன். மூச்சு பெரிதாகக் கேட்கும். கூட்டிய அளவு இறங்குவதற்குள் கத்தல் வந்து மோதும். முதல் வேலையாக அதை அணைக்க வேண்டும். பிறகு கதையிலேயே உரக்க வரும் வரியை முதலில் சொல்லிப் பார்த்து, ஒலி அளவு காட்டும் மீட்டர் அங்கே மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைக்க வேண்டும். சாதாரணப் பேச்சு அதற்குக் கீழே தானாக அமையும்.

இப்போது அந்த இடம் இப்படி: "பையன் அப்பாவோடு வயலுக்குப் போனான். / பம்புசெட்டுத் தொட்டியில் குதித்தான். ஈரத் துணியோடு வீட்டுக்கு ஓடி வந்தான். / வாசலில் பாட்டி. அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஏலே, நகராதே, பாம்பு!"

சாய்கோடு போட்ட இடத்தில் வாயை லேசாகத் திறந்து, அவசரமில்லாமல் கொஞ்சம் மூச்சு. "தெருமுனை வரை கேட்டது" என்று எழுதிவிட்டதால் நான் உரக்கக் கத்த வேண்டியதில்லை. தொண்டையை இறுக்கி, அடங்கிய குரலில் சொன்னாலே பிள்ளைகளுக்குக் கத்தலாகக் கேட்கிறது. "ஏலே" உயிரெழுத்தில் தொடங்குவதால் மூச்சின் முதல் வேகம் அதில் போய்விடுகிறது. "பாம்பு" வரும்போது குத்து இல்லை.

கையில் பிடிக்கும் மைக்கில் இவ்வளவு பாடு இல்லை. ப வரும் என்று தெரிந்தால் வாயோரமாகச் சாய்த்துக்கொள்ளலாம். கத்தும்போது கையை நீட்டினால் போதும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு சுமார் 6 டெசிபல் இறங்கும். காலர் மைக் நெஞ்சோடு ஒட்டியது, நான் பின்னால் சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். கைதட்டிக் கதை சொல்லும் என் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். தட்டல் மைக்குக்கு நேர் எதிரே வெடிக்கும். இப்போது தொடையில் தட்டுகிறேன்.

என் வாக்கியங்கள் சுருங்கியதும், எங்கே மூச்சு வாங்குவது என்று எழுதும்போதே யோசிப்பதும் இந்த மைக்கால் வந்தவை. அதற்கு நன்றியாகவே இருக்கிறேன். ஆனாலும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கதைகளில் பேய் வரும், யானை வரும், ஊரே கத்தும். அந்தக் கத்தலை அவள் அடக்கிச் சொல்வதை நான் கேட்க விரும்பவில்லை. கையில் பிடிக்கும் மைக்கை வாங்கிக்கொள்ளட்டும்.