அட்டாலியில் கிடக்கும் ரவுட்டர்: இரும்புக்காரரா, கட்டுத்தறியா, மறுசுழற்சியா?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலியைக் காலி செய்தபோது ஒரு மஞ்சப்பையில் இரண்டு ரவுட்டரும் மூன்று அடாப்டரும் கிடந்தன. கோபி பக்கம் தோட்டத்துக்குள் வீடு, நெட் கம்பெனி மாற்றும்போதெல்லாம் ஒன்று மிஞ்சிவிடுகிறது. வாசலில் அன்றைக்கே பழைய இரும்புக்காரர் வண்டி நின்றது. பையோடு தூக்கிக் கொடுத்துவிடலாம், பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம், இல்லை முறையாக மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். மூன்றையும் செய்து பார்த்தாயிற்று, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பையில் இருப்பது நம்முடையதுதானா என்று பாருங்கள். இணைப்போடு இலவசமாக வந்த பெட்டி பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம், இணைப்பை நிறுத்தும்போது திருப்பித் தர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே இருக்கும். எடைக்குப் போட்டபிறகு முன்பணத்தில் பிடித்தார்கள் என்று புலம்பிப் பயனில்லை.

இரும்புக்காரர் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்ண்ணா, டப்பா பூராவும் பிளாஸ்டிக்கு, உள்ளே ஒரு பச்சை போர்டு. அந்தக் காலத்துக் கனமான அடாப்டர்னா செம்பு தேறுமுங்க. இது வெறும் காத்துங்க." எல்லாம் சேர்த்து 20 ரூபாய் என்றார். அவர் சொன்னது சரிதான். பழைய அடாப்டருக்குள் இரும்புத் தகடும் செம்புச் சுருளும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், செங்கல் மாதிரி கனக்கும். இப்போது வருவது ஸ்விட்சிங் வகை, அதில் செம்பு ஏதோ கொஞ்சம்.

பையை அப்படியே கொடுக்காமல் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் வேறு. ரவுட்டர் செத்துவிட்டது என்று நாம் தூக்கிப் போடும்போது நிறைய நேரம் செத்திருப்பது அடாப்டர்தான். இரண்டையும் ஒரே பொருளாக நினைத்து ஒன்றாகவே எறிகிறோம். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ரவுட்டர் ஒன்றைக் கழற்றிப் போட்டதே சாயந்திரமானால் நெட் போய்விடுகிறது என்றுதான். விளக்குகளைக் கவனித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நெட் விளக்கு மட்டும் அணைந்து மற்றவை எரிந்தால் கோளாறு லைனில். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தால் மின்சாரம்தான் விட்டுவிட்டு வருகிறது. வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் ரவுட்டர் கொஞ்சம் கூடுதல் கரண்ட் இழுக்கும், சோர்ந்துபோன அடாப்டரால் கொடுக்க முடியாது, ரவுட்டர் விழுந்து எழுந்திருக்கும்.

மல்டிமீட்டரை அடாப்டரின் பின்னில் வைத்துப் பார்த்தால் 12.2 வோல்ட் காட்டியது. நன்றாகத்தானே இருக்கிறது என்று இங்கேதான் ஏமாந்துபோகிறோம். சுமை இல்லாமல் அளந்தால் பாதி செத்த அடாப்டரும் முழு வோல்ட்டேஜ் காட்டும். சிசிடிவி சாமான் விற்கும் கடையில் ஸ்க்ரூ வைத்த டிசி சாக்கெட் கிடைக்கிறது, அதில் பைக்கின் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றை இணைத்து அடாப்டரைச் செருகினேன். பல்பு மங்கலாக எரிந்தது, மீட்டர் 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. பையில் இருந்த இன்னொன்று, பழைய செட்டாப் பாக்ஸோடு வந்தது, அதே பல்போடு 11.8இல் அசையாமல் நின்றது. வோல்ட்டேஜை நிலையாகப் பிடித்துக்கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். இண்டிகேட்டர் பல்பு வேண்டாம், அது 10 வாட். எந்த பல்பானாலும் குளிர்ந்த இழை முதல் நொடியில் பலமடங்கு கரண்ட் இழுக்கும், 10 வாட்டானால் நல்ல அடாப்டர்கூட தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எரியலாம், நல்லதையும் செத்தது என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் ரவுட்டர் எழுந்து உட்கார்ந்தது. மாற்று அடாப்டர் தேடும்போது வோல்ட் அதேதாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் ஆகாது, தேவையானதைத்தான் எடுத்துக்கொள்ளும். பின் சரியாகப் பொருந்துகிறதே என்று மட்டும் நம்பக் கூடாது, 5, 9, 12 வோல்ட் மூன்றுமே ஒரே அளவு பின்னில் வருகின்றன. லேபிளில் வட்டத்துக்குள் புள்ளி வைத்த ஒரு சின்னம் இருக்கும், நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸா என்பதை அது காட்டும். ரவுட்டரில் அநேகமாக நடுவில் பிளஸ். சில மியூசிக் கீபோர்டு அடாப்டர்களில் நடுவில் மைனஸ், அதைச் செருகினால் ரவுட்டர் நிஜமாகவே செத்துப்போகலாம்.

பிழைத்த ரவுட்டரை என்ன செய்வது? வீட்டிலிருந்து கட்டுத்தறி 40 மீட்டர். மாடுகளைப் பார்க்க அங்கே ஒரு கேமரா வைத்திருக்கிறோம், வைஃபை பாதியிலேயே அறுந்துவிடும். வீட்டிலிருந்து லேன் வயர் இழுத்து அங்கே இதை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வீட்டு நெட்டையே அங்கேயும் வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக வைத்தேன். லேப்டாப்பை லேன் வயரில் இணைத்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டில் உள்ளபடியே கொடுத்து, சேனலை மட்டும் மாற்றினேன் (வீட்டில் 1, இங்கே 11). அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன், ஏனென்றால் வீட்டு ரவுட்டர் 192.168.1.1இல் இருக்கிறது. உங்கள் வீட்டு ரவுட்டர் போன்களுக்குப் பங்கிடும் எண் வரிசைக்குள் இந்த முகவரி வந்துவிடக் கூடாது. சேமித்ததும் பக்கம் உறைந்து நிற்கும், பயப்பட வேண்டாம், புது முகவரியைத் தட்டினால் திறக்கும். கடைசியாக, போன்களுக்கு முகவரி பங்கிடும் வேலையான DHCPயை இதில் அணைத்தேன். இதை மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டிபோட்டு முகவரி கொடுக்கும், ஒரு போனுக்கு நெட் வரும், அடுத்த போன் இணைந்தும் நெட் இல்லை என்று சொல்லும். வீட்டிலிருந்து வரும் வயரை WAN ஓட்டையில் செருகாமல் LAN ஓட்டை ஒன்றில் செருக வேண்டும், இவ்வளவுதான்.

எல்லை என்றால், பழைய ரவுட்டர்களின் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, கேமராவுக்கு அது தாராளம். WPA2 இல்லாத அளவுக்குப் பழசானால் வைஃபையை அணைத்து வெறும் லேன் ஸ்விட்சாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் 5 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டுதான். கோடை மழை இடி இடிக்கும்போது மட்டும் நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிடுவேன், இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெளியில் போகும் செம்பு வயர் மின்னலைக் கூப்பிட்டு வீட்டு ரவுட்டருக்கும் சேர்த்துக் கொண்டுவரும்.

மற்ற ரவுட்டர் எந்த அடாப்டர் போட்டும் எழவில்லை. அதைப் பிரித்து உபயோகமாக எடுத்தது இரண்டு ஆன்டெனாவும் நான்கு ஸ்க்ரூவும். உண்மையைச் சொன்னால் போர்டிலிருந்து ஐசியைக் கழற்றிச் சேர்த்து வைக்கிற ஆசையெல்லாம் வீண் வேலை. செத்த அடாப்டரில்தான் ஒரு நல்ல பொருள் உண்டு, பின்னோடு கூடிய அந்த வயர். டப்பாவை ஒட்டி வெட்டி எடுத்தால் மினி யூபிஎஸ்ஸுக்கோ எல்ஈடி ஸ்ட்ரிப்புக்கோ ஆயத்த வயர். வெள்ளைக் கோடு போட்ட இழை அநேகமாக பிளஸ், ஆனாலும் மீட்டரில் நடுப்பின்னோடு சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடாப்டர் டப்பாவை மட்டும் உடைக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட்டில் நிறைந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அதுவும் செத்த அடாப்டரில், நெடுநேரம் தாங்கி நிற்கலாம்.

இனி மிச்சம், இரும்புக்காரரா மறுசுழற்சியாளரா. இரும்புக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், ஓடுகிற பொருள் அவரிடம் போனால் யாராவது வாங்கி உபயோகிப்பார்கள், அது நல்ல மறுபயன்பாடுதான். செத்த பொருள் போகும் வழிதான் உதைக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளத்தோரம் வயரைக் குவித்து எரிப்பதைப் பார்த்திருக்கிறேன், கரும்புகை தொண்டையைக் கமறும், அடுத்த நாள் சாம்பலில் செம்பு மட்டும் சிவப்பாகக் கிடக்கும். எரிவது பிவிசி, அதிலிருந்து அமில வாயுவும் டையாக்ஸினும் வரும். 20 ரூபாய்க்கு அந்தப் புகையை நம் வாய்க்காலுக்கே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் 2022இன்படி, தயாரிப்பாளர்கள் தங்கள் பங்கு கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகக் கணக்குக் காட்ட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் eprewastecpcb.in தளத்தில்தான் அந்தப் பதிவெல்லாம் நடக்கிறது. சரி, நடைமுறையில்? நான் கூப்பிட்ட இடத்தில், ஒரு டப்பாவுக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது என்று நேராகவே சொன்னார்கள். கால் கிலோ பொருளுக்கு வண்டி விட்டால் டீசல் காசுக்குக்கூட வராது, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எனக்கு வழி காட்டியவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மச்சான். மொத்தமாக மின்சாதனம் உபயோகிக்கும் கம்பெனிகள் பழசைப் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், அவர் ஆபீஸில் வருடம் ஒருமுறை லாரி வருகிறது. "ஒரு அட்டைப் பெட்டியில போட்டு வைங்க மாப்ள, அதோட சேத்துப் போட்டுடலாம், கேட்டுக்கிட்டேன்" என்றார். ஆபீஸ் ஆள் யாரும் இல்லாதவர்கள் ரவுட்டர் பிராண்டின் தளத்தில் மின்கழிவுக்கென்று உள்ள பக்கத்தைப் பார்த்து அதில் கொடுத்த எண்ணில் கேட்கலாம்.

இரும்புக்காரருக்கானாலும் ஆபீஸ் லாரிக்கானாலும், கொடுக்கும் முன் ரவுட்டரில் உள்ளதை அழியுங்கள். வைஃபை கடவுச்சொல்லும் நெட் இணைப்பின் பயனர் பெயரும் அதற்குள்ளேயே இருக்கும். கரண்ட் ஓடும்போது ரீசெட் ஓட்டையில் குண்டூசியை 10 நொடிக்கு மேல் அழுத்தினால் விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து வரும், அழிந்தது. எழவே எழாத ரவுட்டரில் இது முடியாது. எங்களுடையதில் பெரிய ஐசிக்குப் பக்கத்தில் எட்டுக் கால் சிப் ஒன்று, மேலே 25Q64 என்று எழுதியிருந்தது. நினைவகம் அதுதான். கட்டிங் பிளேயரில் நடுவே நெறித்தேன், கருப்புப் பொட்டு உடைந்து உள்ளே கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. புது ரவுட்டர்களில் வேறு வகைச் சிப் இருக்கலாம், அதைத் தேடி அலைவதைவிட வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுவது சுலபம்.

பெட்டியில் இப்போது ஒரு ரவுட்டர், வயர் வெட்டிய ஒரு அடாப்டர் டப்பா, அம்மிணியின் பழைய போன் சார்ஜர் ஒன்று. மூன்றாவது அடாப்டர் 9 வோல்ட், நல்லாத்தான் இருக்கிறது, பொருத்தத்தான் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த முறை வண்டி வந்தபோது அதை மட்டும் இரும்புக்காரரிடம் கொடுத்தேன், "ஓடுதுங்களா?" என்று இரண்டுமுறை கேட்டு 30 ரூபாய் கொடுத்தார்.