கரை–கறை, இல்லை–அல்ல: ஜோடிச் சொற்களுக்கு எந்த மாதிரி கேரசல்?

இன்ஸ்டாகிராமில் ஒவ்வொரு ஸ்லைடாக ஸ்வைப் செய்து பார்க்கிற பதிவுதான் கேரசல். தமிழ் கற்றுத்தரும் கேரசல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில்தான் வருகின்றன. ஸ்லைடை நடுவில் ஒரு கோடு பிரிக்கும், இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதனோடு குழப்பிக்கொள்கிற சொல், இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு எடுத்துக்காட்டு வாக்கியம். செய்வது சுலபம், பார்க்கவும் அழகு. நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் முந்தின நாள் அதைப் படித்து "ஆமாம், புரிந்தது" என்றவரிடம் மறுநாள் "படகு கரை சேர்ந்தது" என்று வாயால் சொல்லி எழுதச் சொன்னால், பேனா ரகரத்துக்கும் றகரத்துக்கும் நடுவில் நிற்கிறது. "ரெண்டுல ஒண்ணு அழுக்கு, ஒண்ணு ஆத்தோரம்னு ஞாபகம் இருக்கு, எது எதுன்னுதான் தெரியல." ஜோடி ஞாபகம் இருக்கிறது, ஜோடிக்குள் எது எது என்பதுதான் போய்விட்டது.

இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோடிட்ட இடத்தோடு ஒரு கேள்வி ஸ்லைடு, அடுத்த ஸ்வைப்பில் விடை. இன்னொன்று, இரண்டு சொற்களையும் சேர்த்தே காட்டாமல் தனித்தனி கேரசலாகப் பிரித்து, சில நாள் இடைவெளி விட்டுக் கொடுப்பது. மூன்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கையில் இருப்பது எந்த மாதிரி ஜோடி என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கரை–கறை என்பது எழுத்து ஜோடி. நம்மில் நிறையப் பேர் பேசும்போது இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம், அதனால் காது உதவாது. ஆற்றோரத்துக்கு ஏன் இடையின ரகரம், அழுக்குக்கு ஏன் வல்லின றகரம் என்பதற்கு, கற்பவர் பிடித்துக்கொள்கிற மாதிரி காரணம் எதுவும் இல்லை. வெறும் நினைவு வேலை. அந்த வேலைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் மோசமான வழி, ஏனென்றால் ஒன்றைத் தேடும்போதெல்லாம் மற்றதும் சேர்ந்தே வந்து நிற்கும். புதுச் சொற்களை நெருக்கமான கூட்டமாகக் கொடுத்தால் கற்க அதிக நேரம் பிடிக்கிறது என்று டிங்க்ஹம் என்ற ஆய்வாளர் 1993-லேயே சோதித்துக் காட்டினார், 1997-இல் வேரிங் என்ற ஆய்வாளரும் அதையே கண்டார். அவர்கள் பார்த்தது பொருள் நெருக்கமுள்ள சொற்களை. உருவம் நெருக்கமாக இருந்தாலும் இதே இடைஞ்சல்தான் என்பதை எழுத்துப் பிழை திருத்துகிற எவரும் தினமும் பார்க்கிறோம்.

ஆகவே கரைக்குத் தனிக் கேரசல். அதில் கரை மட்டும் வரட்டும், தன் சொந்தக்காரர்களோடு: கடற்கரை, ஆற்றங்கரை, அக்கரை, கரையேறினான், படகு மெல்லக் கரை சேர்ந்தது. ஐந்தாறு ஸ்லைடு போதும். கறை என்ற சொல்லே அதில் தலைகாட்டக் கூடாது, "இதைக் கறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்ற எச்சரிக்கைகூட வேண்டாம். குழப்பம் இல்லாதவருக்கு அந்த வரிதான் குழப்பத்தை அறிமுகம் செய்து வைக்கும். நாலைந்து நாள் கழித்து கறை: மைக் கறை, இரத்தக் கறை, கறை படிந்த சட்டை, கறைபடாத கை. அதற்குள் "ஆற்றங்கரை" என்ற முழுச்சொல் கண்ணுக்குப் பழகியிருக்கும், அப்புறம் தனியாகக் "கரை" எழுத வரும்போது அது கைகொடுக்கும்.

இந்த வழியின் குறை, வாசகர் இரண்டாவது கேரசலைப் பார்ப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாதியோடு போய்விடலாம். போனாலும் ஒரு சொல்லையாவது உறுதியாகத் தெரிந்துகொண்டு போகிறார், இரண்டையும் அரைகுறையாக எடுத்துப் போவதற்கு அது மேல் என்பது என் கணக்கு.

இலக்கண ஜோடி வேறு விஷயம். இல்லை–அல்ல எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எழுத்தில் குழப்பம் ஏதும் இல்லை, எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி. இருப்பை மறுப்பது 'இல்லை'. "அங்கே பாம்பு இல்லை." இன்னதுதான் என்பதை மறுப்பது 'அல்ல'. "அது பாம்பு அல்ல, கயிறு." வேறுபாடே பாடம் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காமல் கற்க முடியாது. பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரிபோலத் தெரியும், எல்லை எங்கே என்பது தெரியாது. எனவே பக்கத்துப் பக்க ஸ்லைடு இங்கே சரியான கருவி, ஆனால் ஒரே ஒரு ஸ்லைடு அளவுக்கு. அந்த ஸ்லைடில் வாக்கியங்கள் இரண்டும் முடிந்தவரை ஒன்றுபோல இருக்க வேண்டும். இடப்பக்கம் பாம்பு, வலப்பக்கம் வேறு ஏதோ பறவை, வேறு காலம், வேறு நீளம் என்று போட்டால் எதைப் பார்த்து வேறுபாடு காண்பது? பாம்பு இரண்டு பக்கமும் இருக்கட்டும், மாறுவது மட்டும் மாறட்டும்.

நான் விட்ட பிழை இதற்கடுத்த இடத்தில். வேறுபாட்டைக் காட்டிய கையோடு ஆறு கேள்வி போட்டேன். "அங்கே பாம்பு ____", "இங்கே நாற்காலி ____", "அது பாம்பு ____", "இது நாற்காலி ____" என்று போனது. எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள், எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு ஒருவரிடம் "அங்கே இருப்பது பாம்பு ____" என்று கேட்டேன். "இல்லை" என்றார், யோசிக்கவே இல்லை. ஏனென்றால் அவர் கற்றது நான் சொன்ன விதியை அல்ல, 'அங்கே, இங்கே வந்தால் இல்லை. அது, இது வந்தால் அல்ல' என்ற குறுக்குவழியை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது என் கேள்விகள்தான்.

இப்போது அந்தத் தொகுப்பில் முதலில் ஒரு சோதனையைக் கொடுக்கிறேன்: மறுப்பை எடுத்துவிட்டு வாக்கியத்தை உடன்பாடாக்கிப் பாருங்கள். "அங்கே பாம்பு இருக்கிறது" என்று 'இருக்கிறது' கேட்டால் மறுக்கும்போது 'இல்லை'. "அது பாம்பு" என்று பெயரோடு முடிந்துவிட்டால் 'அல்ல'. "அங்கே இருப்பது பாம்பு" என்பதும் பெயரோடு முடிகிறது, ஆகவே "அங்கே இருப்பது பாம்பு அல்ல". "என்னிடம் சாவி இருக்கிறது", ஆகவே "என்னிடம் சாவி இல்லை". கேள்விகளில் பாதியாவது குறுக்குவழிக்குக் குறுக்கே நிற்கிற வாக்கியங்களாக இருக்க வேண்டும், வரிசையும் மாறி மாறி வராமல் கலைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'போன தடவை இல்லை, இந்தத் தடவை அல்ல' என்று ஊகித்தே தேறிவிடுவார்கள்.

இரண்டு விஷயங்களை இந்தத் தொகுப்பிலிருந்து வேண்டுமென்றே வெளியே வைத்திருக்கிறேன். "அவர் ஆசிரியர் அல்ல" என்று இன்று சாதாரணமாக எழுதுகிறோம், ஆனால் மரபிலக்கணம் அங்கே 'அல்லர்' கேட்கும், ஒருமை அஃறிணைக்கு 'அன்று' கேட்கும், அந்தக் கணக்கில் "அது பாம்பு அல்ல" என்பதேகூட இடிக்கும். இன்றைய எழுத்து வழக்கைத்தான் சொல்லித்தருகிறேன் என்று முதல் ஸ்லைடிலேயே ஒரு வரி போட்டுவிட்டு, மனிதர்களைத் தவிர்த்து, பாம்போடும் நாற்காலியோடும் நிறுத்திக்கொள்வது நிம்மதி. இன்னொன்று பேச்சு. "அது பாம்பு இல்லை" என்றுதான் பேசுகிறோம், அது தப்பும் இல்லை. அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் கற்பவர் தன் வாயையே சந்தேகப்படுவார். எழுத்தில் இப்படி, பேச்சில் அப்படி என்று சொன்னால் தீர்ந்தது. எழுத்து ஜோடியிலும் பெருக்கல் குறி வேண்டாம், காரணம் வேறு: 'ஆற்றங்கறை' என்று பெரிதாக எழுதி அடித்துக் காட்டினால் அடித்தது மறந்துபோய், எழுதியது கண்ணில் தங்கிவிடும்.

கேள்வி–விடை ஸ்லைடு இரண்டு வகை ஜோடிக்கும் கடைசிக் கட்டத்தில் தேவை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் உரைநடைப் பகுதிகளை வைத்து நடத்திய ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். பக்கத்துப் பக்க ஸ்லைடு பார்த்தவுடன் புரிந்ததுபோல் தோன்றி மறுநாள் காணாமல் போவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் கேரசலில் ஒரு இயந்திரக் கோளாறு உண்டு. விரலை இழுக்கும்போது அடுத்த ஸ்லைடின் இடது ஓரம்தான் முதலில் எட்டிப் பார்க்கிறது. விடையை இடப்பக்கத்தில் பெரிய எழுத்தில் வைத்தால் பாதி ஸ்வைப்பிலேயே தெரிந்துவிடும், "அதைத்தான் நானும் நினைத்தேன்" என்று மனசு பொய் சொல்லும். விடையை வலது பாதியில் வையுங்கள். விடை ஸ்லைடில் வெறும் 'அல்ல' என்று மட்டும் போடாமல் முழு வாக்கியத்தையும், அடியில் உடன்பாட்டு வடிவத்தையும் போட்டால், தப்பாகச் சொன்னவர் எங்கே வழுக்கினோம் என்பதைப் பார்த்துக்கொள்வார். கேள்விக்கு இரண்டு ஸ்லைடு என்பதால் இடம் வேகமாகத் தீரும். இன்ஸ்டாகிராம் 2024-இல் 10 என்ற வரம்பை 20 ஆக்கியபின் எட்டுக் கேள்வி தாராளமாகப் போடலாம், அதற்கு மேல் போனால் நானே பாதியில் விட்டுவிடுகிறேன்.

எழுத்து ஜோடிக்கான கேள்வியில் 'கரை / கறை' என்று இரண்டையும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டும் பாதி சரியாகிவிடும். தேர்வே கொடுக்காமல், "படகு ____ சேர்ந்தது, தாளில் எழுதிவிட்டு ஸ்வைப் செய்யுங்கள்" என்று கேட்பது நல்லது. கோடிட்ட வாக்கியமும் மற்ற சொல்லை உள்ளே விடாததாக இருக்க வேண்டும். "அவள் அந்த ____ உற்றுப் பார்த்தாள்" என்றால் கரையையும் பார்க்கலாம், கறையையும் பார்க்கலாம், யாரும் தப்பில்லை. ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் சொல்லை மாற்றிப் போட்டு ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். அர்த்தம் கெடாவிட்டால் வாக்கியத்தைத் தூக்கிவிடுவேன்.

கரைக்குக் கரைதல் என்ற பொருளும் இருப்பதால் "சோப்பு போட்டதும் கறை கரைந்தது" என்று ஒரு வாக்கியம் எழுதி, முதல் ஸ்லைடில் வைக்க எனக்கு ரொம்ப ஆசை. இரண்டும் ஒரே வரியில், என்ன அழகு. புதிதாகக் கற்பவருக்கு முதல் நாளே அதைக் காட்டினால் அவ்வளவுதான், திரும்பவும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கேரசலும் முடிந்து ஒரு வாரம் ஆனபின் வருகிற கலவைத் தொகுப்பில், எட்டாவது கேள்வியாக, இரண்டு கோடிட்ட இடங்களோடு அதை வைத்திருக்கிறேன்.