நட் குழிக்கு நூற்றுக்கு நூறு, கவுண்டர்சங்க் தலைக்கு?

3D பிரிண்டரில் பிரிண்ட் எடுத்த மூடியைப் பெட்டியோடு எப்படி இறுக்குவது என்று நண்பர் கேட்டிருந்தார். என் கருவிப் பெட்டி ரொம்ப நாளாக, தலை மூடிக்குள் சமமாகப் புதையும் M3 கவுண்டர்சங்க் ஸ்க்ரூவும் அடியில் நட் குழியுமாகத்தான் ஓடுகிறது. நட் பக்கம் ஒரு குறையும் இல்லை. கடுப்பெல்லாம் ஸ்க்ரூவின் தலைமேல்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். M3 நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5.5 மி.மீ. குழிக்கு 5.7 வைத்தால், என் பிரிண்டரில் கட்டைவிரலால் அழுத்தியதும் நட் போய் உட்கார்ந்துகொள்கிறது, கவிழ்த்தாலும் விழுவதில்லை. மாடல் வரையும் OpenSCAD-இல் அறுகோணத்துக்குக் கொடுக்கும் `d` மூலைக்கு மூலை அளவு. 5.7 என்று அப்படியே போட்டால் நட் நுழையவே நுழையாது.

```
cylinder(d=5.7/cos(30), h=3, $fn=6);
```

குழி பிரிண்டரின் அடித்தட்டைப் பார்த்திருப்பதால் அதன் கூரை அந்தரத்தில்தான் பிரிண்ட் ஆகும். நடுவில் ஓட்டை வேறு இருந்தால் அதன் விளிம்பு பிடிப்பில்லாமல் நூல்நூலாகத் தொங்கும். அதனால் ஓட்டையை ஒரு லேயர், அதாவது 0.2 மி.மீ., மேலே தள்ளித் தொடங்குகிறேன். கூரை முழுசாக ஒரே பிரிட்ஜாக விழும். பிறகு ஸ்க்ரூவாலேயே குத்தித் திறந்துவிடலாம். அந்த 'டப்' சத்தம் இன்னும் அலுக்கவில்லை.

இனி தலை. 90 டிகிரி கூம்பு என்பது ஆப்புதான். இறுக்க இறுக்க மூடியைக் கீழே அழுத்துவதோடு பக்கவாட்டிலும் விரித்துத் தள்ளும். ஓட்டையின் மையம் ஓரத்திலிருந்து 4 மி.மீ. என்று வையுங்கள். மேலே கூம்பின் வாய் 6.2 மி.மீ. என்றால் ஓரத்தில் மிஞ்சுவது 0.9 மி.மீ., ஏறத்தாழ இரண்டு கோடு பிளாஸ்டிக். அது முதலில் வெளுக்கும், அப்புறம் கீறல் விடும். மையத்தை ஓரத்திலிருந்து 7 மி.மீ. உள்ளே கொண்டுபோனால் பிழைத்தோம். ஆனால் பெட்டியின் ஓரமும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். எனக்கு எரிச்சலே அங்கேதான்.

இந்த வகை ஸ்க்ரூவின் நீளத்தில் தலையும் சேர்த்தி. மூடி 4, பெட்டியின் விளிம்பு 6. ஆக 10 மி.மீ. ஸ்க்ரூ. 3 மி.மீ. குழியில் 2.4 மி.மீ. நட் கூரையோடு ஒட்டி நிற்க, ஸ்க்ரூவின் முனை நட்டைத் தாண்டி அடிப்பரப்போடு சமமாக முடிகிறது. இவ்வளவு கச்சிதமாக அமைந்ததைக் குறைசொல்ல மனசு வரவில்லை. பிரிண்டுக்குப் போடும் PLA பிளாஸ்டிக் காலப்போக்கில் தளர்ந்து கொடுக்கும் என்பதால் எப்போதாவது கால் சுற்று இறுக்குகிறேன், அவ்வளவே.

ஓரம் தள்ளி வைத்த பிறகு எதுவும் உடையவில்லை, மூடி ஆடவில்லை, மேசைமேல் எதையும் கீறவில்லை. இருந்தும் நண்பரிடம் சொன்னது: தலை வெளியே துருத்தினால் பரவாயில்லை என்றால் பான் ஹெட்டும் வாஷரும் போடுங்கள். நட் குழியை மட்டும் விடாதீர்கள்.